ரைட்ஸ் இஷ்யூவில் வந்த உரிமை: பணம் கட்டுவதா, விற்பதா?

ஒரு நிறுவனம் தன் பங்குதாரர்களுக்கே புதிய பங்கு தரும் ரைட்ஸ் இஷ்யூவை அறிவித்து, யாரிடம் பங்கு இருக்கிறது என்று பார்க்கும் ரெக்கார்டு தேதியும் முடிந்தபின், நம் டீமேட் கணக்கில் புதிதாக ஒரு பதிவு சேரும். நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஆர்.இ. என்று இருக்கும். சலுகை விலையில் புதிய பங்கு வாங்கும் உரிமை அது. 2020 ஜனவரியில் செபி கொண்டுவந்த நடைமுறைப்படி இந்த உரிமை டீமேட்டிலேயே வரவு வைக்கப்படுகிறது, பங்கைப் போலவே சந்தையில் விற்கவும் வாங்கவும் முடிகிறது. அதற்கு ஒரு விலை இருப்பதால்தான் "போடுவதா, விற்பதா" என்ற கேள்வியே எழுகிறது. பலர் இதற்கு உணர்ச்சியை வைத்துப் பதில் சொல்கிறார்கள். "தள்ளுபடியில் தருகிறார்கள், விடக்கூடாது" என்பது ஒரு பக்கம், "இன்னும் காசு போட மாட்டேன்" என்பது இன்னொரு பக்கம். கணக்குப் போட்டால் இரண்டுமே தவறாக இருக்கலாம்.

சவுத் இந்தியன் பேங்க் 2024 மார்ச்சில் நடத்திய வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். கையில் உள்ள 4 பங்குக்கு 1 புதிய பங்கு, விலை 22 ரூபாய், முழுத் தொகையும் விண்ணப்பத்தோடு. விகிதமும் விலையும் உண்மையானவை. சந்தை விலைகளை மட்டும் கணக்கு எளிதாக வர நான் வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் 1,000 பங்குகள் இருக்கின்றன, உரிமை பிரியும் முன் சந்தை விலை 36 ரூபாய் என்று கொள்வோம். உங்களுக்கு 250 உரிமைகள் வரும்.

உரிமை பிரிந்ததும் பங்கின் விலை இறங்கும். 36 ரூபாய்ப் பங்கு நான்கும் 22 ரூபாய்ப் பங்கு ஒன்றும் சேர்ந்தால் மொத்தம் 166 ரூபாய். அதை ஐந்தால் வகுத்தால் 33.20. உரிமை பிரிந்த பின் பங்கு நிற்க வேண்டிய கோட்பாட்டு விலை இதுதான். ஒரு உரிமையின் மதிப்பு, 33.20-இல் 22 போக, 11.20 ரூபாய்.

இங்கே இரண்டு இடங்களில் ஆட்கள் வழுக்குகிறார்கள். முதலாவது, 36-இலிருந்து 22-ஐக் கழித்து "ஒரு உரிமைக்கு 14 ரூபாய் லாபம்" என்று நினைப்பது. 36 என்பது உரிமையும் சேர்ந்திருந்த விலை. உரிமையைப் பிரித்தெடுத்த பின் அந்த விலையை மறுபடி பயன்படுத்தினால் ஒரே மதிப்பை இரண்டு முறை எண்ணுகிறோம். இரண்டாவது, பழைய பாடப்புத்தகச் சூத்திரம். அதில் உரிமையின் மதிப்பு ஒவ்வொரு பழைய பங்குக்கும் கணக்கிடப்பட்டிருக்கும். இந்த எடுத்துக்காட்டில் அது 2.80 ரூபாய். இந்தியச் சந்தையில் விற்பனையாகும் ஒரு ஆர்.இ. ஒரு முழுப் புதிய பங்குக்கான உரிமை. அதனால் ஒப்பிட வேண்டியது 11.20-ஐத்தான். 2.80 என்று கணக்கிட்டுவிட்டு, திரையில் 9.80-ஐப் பார்த்து "மூன்று மடங்கு விலை கிடைக்கிறது" என்று அவசரமாக விற்றுவிட இடம் உண்டு.

விலைகள் எல்லாம் கோட்பாட்டின்படியே நின்றால் போடுவதும் விற்பதும் சமம். போட்டால் 5,500 ரூபாய் கட்டி, 33.20 விலையில் 1,250 பங்குகள், அதாவது 41,500 ரூபாய் சொத்து வைத்திருப்பீர்கள். முன்பிருந்த 36,000-உம் புதிதாகக் கட்டிய 5,500-உம்தான் அது. விற்றால் 1,000 பங்குகள் 33,200 ரூபாய், உரிமை விற்ற பணம் 2,800 ரூபாய், மொத்தம் அதே 36,000. இரண்டும் செய்யாமல் உரிமையைக் காலாவதியாக விட்டால் 33,200 மட்டும் மிஞ்சும். 2,800 ரூபாய் கைவிட்டுப் போகும். உரிமைக்கு ஏதாவது ஒரு மதிப்பு இருக்கும் வரை, இந்த மூன்றாவது வழியை யாரும் தெரிந்து தேர்ந்தெடுக்கக் கூடாது.

நிஜத்தில் விலைகள் கோட்பாட்டின்படி நிற்பதில்லை, முடிவை மாற்றுவது அந்த இடைவெளிதான். உரிமை சந்தையில் விற்பனையாகும் நாட்களில் பங்கு 33 ரூபாயிலும், ஆர்.இ. 9.80-இலும் போகிறது என்று வைப்போம். 33-இல் 22 போக, உரிமையின் உள்மதிப்பு 11. சந்தை தருவது 1.20 குறைவு. இப்படிக் குறைவாகப் போவது வழக்கமான காட்சிதான், அதற்குக் காரணங்கள் உண்டு. புதிதாகப் பணம் போட விரும்பாத பங்குதாரர்கள் எல்லோரும் அதே சில நாட்களில் விற்க வருகிறார்கள். டெலிவரி எடுத்தே தீரவேண்டிய பிரிவில் இது நடப்பதால், காலையில் வாங்கி மாலையில் விற்பவர்கள் இங்கே வர முடியாது. வாங்குபவர் உரிமைக்கான விலையோடு நிற்க முடியாது, சில நாட்களுக்குள் பங்குக்கு 22 ரூபாய் வீதம் விண்ணப்பத்திலும் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஒதுக்கீடு வரை வங்கியில் முடங்கும், புதிய பங்கு பட்டியலாகும் வரை விலை இறங்கும் ஆபத்தும் அவருடையது. இதற்கெல்லாம் அவர் கேட்கும் கூலிதான் அந்த 1.20.

அந்தக் கூலியை நீங்கள் கொடுக்க வேண்டுமா என்பதே இப்போதைய கேள்வி. இதற்குப் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. இந்த வங்கியில் கூடுதல் பங்கு வேண்டாம், 1,000 போதும் என்று நினைக்கிறீர்கள். உரிமையை விற்றால் 2,450 ரூபாய் வரும். அதற்குப் பதில் 250 உரிமைக்கும் 5,500 ரூபாய் கட்டிவிட்டு, பழைய பங்கில் 250-ஐ 33 ரூபாய்க்கு விற்றால் 8,250 வரும். நிகரமாகக் கையில் 2,750. கடைசியில் இரண்டு வழியிலும் இருப்பது 1,000 பங்குகள்தான், ஆனால் இரண்டாவது வழியில் 300 ரூபாய் அதிகம். புரோக்கர் கட்டணம் இதில் கொஞ்சம் கழியும். பழைய பங்கை முதலில் விற்றுவிட்டு, அடுத்த வேலை நாளில் வரும் பணத்தில் விண்ணப்பித்தால் கைக்காசும் தேவையில்லை, இடையில் விலை இறங்கும் ஆபத்தும் இல்லை. விற்ற விலை ஏற்கெனவே கையில், வாங்கும் விலை 22 என்று முடிவாகிவிட்டது.

வருமான வரியைச் சேர்த்தால் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. உரிமையை விற்கும் பழைய பங்குதாரருக்கு அதன் அடக்கவிலை பூஜ்யம் என்று சட்டம் சொல்கிறது. வைத்திருந்த காலமும் உரிமை வழங்கப்பட்ட நாளிலிருந்துதான் எண்ணப்படும், பழைய பங்கை எத்தனை வருடம் வைத்திருந்தாலும் அது கணக்கில் வராது. ஆகவே 2,450-உம் முழுக்கக் குறுகியகால லாபம். உரிமையைப் பங்கிலிருந்து வேறான சொத்தாகப் பார்ப்பதால், பங்குக்கு உள்ள சலுகை விகிதத்தை நம்பாமல் உங்கள் வருமான வரம்புக்குரிய விகிதத்தில் கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, செஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், 735 ரூபாய் வரி. மிஞ்சுவது 1,715.

பழைய பங்கை விற்கும் வழியில், அவற்றை 20 ரூபாய்க்கு வாங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் லாபம் பங்குக்கு 13 ரூபாய், மொத்தம் 3,250. இது நீண்டகால லாபம். ஆண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான விலக்கு உங்களிடம் மிச்சமிருந்தால் வரியே இல்லை, 2,750-உம் உங்களுடையது. விலக்கு தீர்ந்துபோயிருந்தாலும் 12.5 சதவீதம், அதாவது சுமார் 406 ரூபாய் போக 2,344 நிற்கும். 1,715 எங்கே, 2,344 எங்கே! டீமேட்டில் முதலில் வந்த பங்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும் என்பதும் இங்கே உதவுகிறது, ஏனென்றால் உங்கள் பழைய பங்குகளே முதலில் வெளியேறும். புதிய 250-க்கு அடக்கவிலை 22 ரூபாய், வைத்திருந்த காலம் ஒதுக்கீட்டு நாளிலிருந்து தொடங்கும்.

இதனால் என் முடிவு தெளிவு. பழைய பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருப்பவர், உயர்ந்த வரி வரம்பிலும் இருந்தால், பணம் வேண்டும் என்பதற்காக உரிமையை விற்பது பெரும்பாலும் மோசமான வழி. உரிமைக்குப் பணம் கட்டிவிட்டுப் பழைய பங்கை விற்பதே நல்லது. இது மாறும் சூழ்நிலைகளும் உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஒருவருக்கு ஒப்பீடு 9.80-க்கும் 11-க்கும் நடுவில் மட்டும்தான், வேலையின் எளிமைக்காக அவர் 1.20-ஐ விட்டுக்கொடுக்கலாம். அந்த ஆண்டில் வேறு பங்கில் குறுகியகால நஷ்டம் இருந்தால், உரிமை விற்ற லாபத்தை அதில் கழித்துக்கொள்ளலாம், வரிச்சுமை மறைந்துவிடும். பழைய பங்கையே ஓராண்டுக்குள் வாங்கியிருந்தால் அதன் லாபத்துக்கு 20 சதவீதம் வரி, அப்போது இரண்டு வழிக்கும் இடையிலான தூரம் குறையும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

கூடுதல் பங்கு வேண்டும் என்பவருக்கு? அவர் "22 ரூபாய்க்குக் கிடைக்கிறது" என்று நினைக்கக் கூடாது. போடும்போது அவர் 22-ஐ மட்டும் கொடுப்பதில்லை, விற்றிருந்தால் வந்திருக்கும் 9.80-ஐயும் விட்டுக்கொடுக்கிறார். உண்மையான வாங்கும் விலை 31.80. வரி போக விற்பனைப் பணம் 6.86 மட்டும்தான் என்றால் 28.86. இந்த விலைக்கு இந்த வங்கியின் பங்கு வேண்டுமா என்று கேட்டால்தான் கேள்வி நேர்மையாக இருக்கும். சந்தையில் 33-க்கு வாங்குவதைவிட இது மலிவு. ஆனால் 30 கூடப் பெறாது என்று நினைக்கும் ஒரு பங்கை 31.80-க்கு வாங்க, விண்ணப்பப் படிவத்தில் அச்சிட்ட 22 ஒரு காரணமாகாது.

பணம் போட முடியாது, ஆனால் பங்கின் எண்ணிக்கையைக் கொஞ்சமாவது கூட்ட வேண்டும் என்பவர்கள் ஒரு பகுதியை விற்று மறுபகுதிக்குக் கட்டலாம். மொத்தம் கட்ட வேண்டிய 5,500-ஐ, வெளியீட்டு விலையையும் உரிமை விலையையும் கூட்டிய 31.80-ஆல் வகுத்தால் 172.96. ஆகவே 173 உரிமைகளை 9.80-க்கு விற்றால் 1,695.40 ரூபாய். மீதி 77-க்கு வேண்டியது 1,694. புத்தகங்கள் இந்த வழியை மிகவும் பாராட்டும். எனக்கு இது மேற்சொன்ன வழியைவிடக் கீழேதான் தெரிகிறது. விற்ற 173-க்கு வருமான வரி பின்னால் வருகிறது, அதோடு ஒரு உரிமையைக்கூட விற்றால் கூடுதல் பங்குக்கு விண்ணப்பிக்கும் தகுதி போய்விடுகிறது.

அந்தத் தகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன் முழு உரிமைக்கும் பணம் கட்டி, எதையும் விற்காத பங்குதாரர், அதற்கு மேலும் பங்கு வேண்டும் என்று அதே படிவத்தில் கேட்கலாம். மறந்தும் அறியாமலும் பலர் காலாவதியாக விட்ட உரிமைகளுக்குரிய பங்குகள் இப்படிக் கேட்டவர்களுக்குப் பகிரப்படுகின்றன. இப்படிக் கிடைக்கும் பங்குக்குக் கொடுப்பது 22 மட்டும், உரிமைக்குத் தனி விலை இல்லை. மேலே யாரோ இழந்த 11 ரூபாய் போய்ச் சேரும் இடம் இதுதான். எவ்வளவு கிடைக்கும் என்று உறுதியில்லை, ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், அதுவரை பணம் முடங்கியிருக்கும். ஆனாலும் கையில் பணம் இருப்பவர், பங்கின் மீது நம்பிக்கையும் வைத்திருந்தால், கேட்டுப் பார்ப்பதில் இழப்பு குறைவு.

இதுவரை முழுத்தொகை வெளியீடு. தவணையில் பணம் வாங்கும் வெளியீடுகளில் மதிப்பிடும் முறை மாறும், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். ரிலையன்ஸ் 2020-இல் 15 பங்குக்கு 1 என்று, 1,257 ரூபாய் விலையில் கொடுத்தது. விண்ணப்பத்தோடு 314.25, 2021 மே மாதம் இன்னொரு 314.25, அதே ஆண்டு நவம்பரில் 628.50. சந்தை விலை 1,450 என்று வைத்துக்கொண்டால், நேராகக் கழித்துக் கிடைக்கும் உள்மதிப்பு 193. ஆர்.இ. 210-க்குப் போனால் "அதிக விலை, விற்றுவிடலாம்" என்று தோன்றும்.

ஆனால் முக்கால்வாசிப் பணத்தை ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் கழித்துத்தான் கட்டுகிறோம், அதுவரை அது நம்மிடமே வட்டி ஈட்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் என்று கொண்டால், பின்னால் கேட்கும் தவணைகளில் முதலாவதான அழைப்புத் தொகையின் இன்றைய மதிப்பு 291, இரண்டாவதன் மதிப்பு 560. இன்று கட்டும் 314.25-ஐச் சேர்த்தால் உண்மைச் செலவு சுமார் 1,165. ஆக உரிமையின் மதிப்பு 285 வரை போகிறது. பணத்தைச் சேமிப்புக் கணக்கில் 3 சதவீதத்தில் சும்மா வைத்திருப்பவருக்கு இதே கணக்கு 229 என்று வரும். ஒரே உரிமை, ஆளுக்கு ஆள் வேறு மதிப்பு. இதிலிருந்து சிலவற்றைக் கழிக்கவும் வேண்டும். பகுதி கட்டிய பங்குக்கு டிவிடெண்டும் கட்டிய அளவுக்கே வரும், அது தனிப் பங்காக விற்பனையாவதால் வாங்குவோர் குறைவு. அப்படியும் 210 என்பது 8 சதவீதம் ஈட்டத் தெரிந்தவருக்கு மலிவு விலை, அவர் போட வேண்டும். 3 சதவீதக்காரருக்கு ஏறக்குறைய சமம்.

முழுத்தொகை வெளியீட்டில் சொன்ன மாற்று வழி இங்கே அப்படியே பொருந்தாது. பழைய முழுப் பங்கை விற்றுவிட்டுப் பகுதி கட்டிய பங்கை வைத்திருப்பது ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது, ஏனென்றால் பங்குக்கு 942.75 ரூபாய் இன்னும் பாக்கி நிற்கிறது. 10 பங்கு கிடைத்தவர் 3,142.50 கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்தால், அடுத்து 9,427.50-க்கு அழைப்பு வரும். கட்டாவிட்டால் பங்கும் கட்டிய பணமும் பறிமுதலாகலாம். அழைப்புத் தேதிகளில் அந்தப் பணம் கையில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர், மதிப்பு எத்தனை வந்தாலும் உரிமையை விற்றுவிடுவதே சரி.

இன்னொரு நிலை, சந்தை விலை வெளியீட்டு விலைக்குப் பக்கத்திலேயே வந்துவிடுவது. சவுத் இந்தியன் பேங்க் எடுத்துக்காட்டில் பங்கு 22.50-க்கு இறங்கிவிட்டால் உள்மதிப்பு 50 பைசா, ஆனால் ஆர்.இ. 80 பைசாவுக்குப் போகலாம். அந்த அதிகப்படி, மிச்சமுள்ள நாட்களில் விலை ஏறுமா என்ற எதிர்பார்ப்புக்கான விலை. இங்கே விற்பது நல்லது, பங்கு வேண்டுமென்றால் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம். பங்கு 22-க்குக் கீழே போய், உரிமையை வாங்கவும் ஆளில்லை என்றால், அப்போதுதான் காலாவதியாக விடுவது சரியான முடிவாகிறது. இதனால்தான் வெளியீடு திறந்த முதல் நாளே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வெளியீடு முடிந்த பின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியாது, ஆகவே விலை நெருக்கமாக இருக்கும்போது காத்திருப்பதற்கே மதிப்பு உண்டு. கடைசி நாளின் வங்கி நெருக்கடியில் மாட்டாமல், அதற்கு முந்தைய நாள் முடித்துவிட்டால் போதும்.

ஆனால் விற்பதற்கான கெடு வேறு, கட்டுவதற்கான கெடு வேறு. ரிலையன்ஸ் வெளியீடு மே 20 அன்று திறந்து ஜூன் 3 அன்று முடிந்தது. உரிமை விற்பனை மே 29 அன்றே நின்றுவிட்டது. இடையில் உள்ள அந்த நாட்களில் கட்டுவது அல்லது இழப்பது என்ற இரண்டே வழிதான் இருக்கும். வெளியீட்டுக் கடிதத்தில் இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, விற்பனை நிற்பதற்கு இரண்டு நாள் முன்பாகவே பங்கு விலை, ஆர்.இ. விலை இரண்டையும் பக்கத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும். இப்போது செபி மொத்த நடைமுறையையும் சுருக்கியிருப்பதால் யோசிக்கக் கிடைக்கும் நாட்களும் குறைவு.

சந்தையில் உரிமையை வாங்குபவர்களிடம் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. 33 ரூபாய்ப் பங்கு 9.80-க்குக் கிடைக்கிறது என்று நினைத்து ஆர்.இ. வாங்கிவிடுகிறார்கள். அது தானாகப் பங்காக மாறும் என்று காத்திருக்கிறார்கள். மாறாது. வங்கியின் நெட் பேங்கிங்கில், விண்ணப்பப் பணத்தைக் கணக்கிலேயே முடக்கி வைக்கும் ஆஸ்பா பகுதிக்குப் போய், அதே டீமேட் கணக்கின் எண்ணைக் கொடுத்து, பங்குக்கு 22 ரூபாய் வீதம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் கெடு முடிந்ததும் அந்தப் பதிவு டீமேட்டிலிருந்து மறைந்துவிடும், கொடுத்த 9.80-உம் திரும்பாது. சொந்த உரிமையை வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். புரோக்கர் செயலியில் ஆர்.இ. பச்சை நிறத்தில் லாபம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அது காலாவதியாகிவிடலாம், செயலி உங்களுக்காக விண்ணப்பிக்காது.

காகிதப் பத்திரமாகப் பங்கு வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய உரிமை டீமேட்டில் தெரியாது, ஒரு தற்காலிகக் கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கும். வெளியீடு முடிவதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன் டீமேட் விவரத்தை வெளியீட்டின் பதிவாளரிடம் கொடுத்தால்தான் அது அவர்கள் பெயருக்கு வரும். விற்க வேண்டுமென்றால் அதற்கும் முன்பே, விற்பனை நடக்கும் நாட்களிலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.